sin 3°-இன் துல்லிய மதிப்பு: 18-இலிருந்து 15-ஐக் கழிக்கும் வழி

பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் அக்காள் மகள் ஒரு நாள் மாலை நோட்டை நீட்டி, "மாமா, sin 3° எவ்வளவு? தசமத்தில் வேண்டாம், வர்க்கமூலத்தில் வேண்டும்" என்றாள். பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு மாலைகள் போயின. முதல் நாள் சரியான விடையைக் கண்டுபிடித்து, தவறென்று நினைத்துக் கிழித்துப் போட்டேன். இரண்டாம் நாள் தவறான விடையைக் கண்டுபிடித்து, சரியென்று நம்பித் தூங்கப் போனேன். அந்த இரண்டும் எப்படி நடந்தன என்பதை வழியிலேயே சொல்கிறேன். நீங்கள் கீழே உள்ள வரிசையில் போனால் முக்கால் மணி நேரத்தில் எழுந்துவிடலாம்.

1. முதலில் கையிருப்பைச் சரிபாருங்கள்

எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த கோணங்கள் 30°, 45°, 60°. இவற்றை எப்படிக் கூட்டினாலும் கழித்தாலும் 15-இன் மடங்குகள்தான் கிடைக்கும். சரி, 15°-ஐப் பாதியாக்கலாமே என்று தோன்றும். பாதியாக்கினால் 7.5°, மறுபடி பாதியாக்கினால் 3.75°, அடுத்து 1.875°. 3° வராது. 15-ஐ 3 ஆக்க ஐந்தால் வகுக்க வேண்டும். இரண்டால் எத்தனை முறை வகுத்தாலும் அந்த ஐந்து கிடைக்காது.

ஆகவே ஐந்தைத் தன்னுள் வைத்திருக்கும் கோணம் ஒன்று தேவை. ஒழுங்கு ஐங்கோணத்தோடு சேர்ந்த 18°, 36°, 54°, 72° என்ற குடும்பம் அதற்குத்தான். அதில் 18-ஐ எடுத்து, 45-இலிருந்து 30-ஐக் கழித்து வந்த 15-ஐ அதிலிருந்து கழித்தால் 3.

வேறு இணைகளும் உண்டு. 75 − 72, 63 − 60, 48 − 45 எல்லாமே 3 தான். 75 − 72 என்பது 18 − 15-இன் நிரப்புக் கோணங்கள். எழுதிப் பார்த்தால் அதே நான்கு எண்கள் இடம் மாறி நிற்கும். 63-உம் 48-உம் நமக்கு நேரடியாகத் தெரியாதவை. அவற்றை முதலில் கண்டுபிடிக்க வேண்டும் என்பதால் வேலை இரட்டிப்பு. 18 − 15-ஐயே பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆக மேசைமேல் இருக்க வேண்டியவை நான்கு எண்கள்: sin 15°, cos 15°, sin 18°, cos 18°. கூடவே கூட்டுக் கோணச் சூத்திரம் ஒன்று:

```
sin(A − B) = sin A cos B − cos A sin B
```

2. 15°-இன் இரு மதிப்புகள் (ஐந்து நிமிடம்)

sin 15°-க்கு அதே சூத்திரத்தில் A = 45°, B = 30° என்று போட்டால் போதும். cos 15°-க்கு அதன் இணையான cos(A − B) = cos A cos B + sin A sin B என்பதில் அதே கோணங்களைப் போடுங்கள்.

```
sin 15° = (√2/2)(√3/2) − (√2/2)(1/2) = (√6 − √2)/4
cos 15° = (√2/2)(√3/2) + (√2/2)(1/2) = (√6 + √2)/4
```

இங்கே ஒரு குழப்பம் காத்திருக்கிறது. சிலர் 30°-ஐப் பாதியாக்கி 15°-க்கு வருவார்கள். அவர்களுக்குக் கிடைப்பது sin 15° = √(2 − √3)/2. பார்த்தால் வேறு எண் போலத் தெரியும். இரண்டையும் தனித்தனியே வர்க்கப்படுத்துங்கள். முதலாவது (8 − 2√12)/16, அதாவது (2 − √3)/4. இரண்டாவதும் அதேதான். இரண்டும் மிகை எண்கள், ஆகவே சமம்.

மூலத்துக்குள் மூலம் இருந்தால் அதை எப்போது பிரிக்க முடியும் என்பதற்கு எளிய சோதனை உண்டு. √(a ± √b) என்ற வடிவில் எழுதிக்கொண்டு a² − b முழு வர்க்கமா என்று பாருங்கள். √(2 − √3)-இல் 4 − 3 = 1, முழு வர்க்கம்; அதனால்தான் அது √6, √2 என்று பிரிந்தது. இந்தச் சோதனை நான்காம் படியில் மறுபடி தேவைப்படும்.

3. sin 18° (பதினைந்து நிமிடம், அவசரம் வேண்டாம்)

வேலையின் நடுப்பகுதி இதுதான். θ = 18° என்று வையுங்கள். 5θ = 90°. ஐந்தை இரண்டும் மூன்றுமாகப் பிரித்தால் 2θ = 90° − 3θ. இருபுறமும் சைன் எடுத்தால், வலப்புறம் நிரப்புக் கோணம் என்பதால் கொசைனாக மாறும்:

```
sin 2θ = cos 3θ
2 sin θ cos θ = 4 cos³θ − 3 cos θ
```

இருபுறத்தையும் cos θ-ஆல் வகுக்கிறோம். cos 18° பூச்சியம் அல்ல என்பதால் வகுக்கலாம். ஆனால் அந்தக் காரணத்தை ஒரு வரியில் எழுதிவிட்டு வகுங்கள். பிறகு cos²θ-வுக்குப் பதில் 1 − sin²θ போட்டு, sin θ-வை s என்று எழுதினால்:

```
2s = 4(1 − s²) − 3
4s² + 2s − 1 = 0
s = (−1 ± √5)/4
```

18° முதல் கால்பகுதியில் இருப்பதால் சைன் மிகை. ஆகவே sin 18° = (√5 − 1)/4, ஏறத்தாழ 0.3090.

மற்றொரு தீர்வு எங்கிருந்து வந்தது என்று அக்காள் மகள் கேட்டாள். நல்ல கேள்வி. (−1 − √5)/4 என்பது −0.8090, அது sin(−54°). −54-ஐ ஐந்தால் பெருக்கினால் −270°, அதாவது ஒரு முழுச் சுற்று சேர்த்தால் 90°. நாம் சமன்பாட்டுக்குச் சொன்ன நிபந்தனையை −54°-உம் நிறைவேற்றுகிறது. அதனால் அதுவும் வந்து நிற்கிறது. cos θ-ஆல் வகுத்தபோது உதிர்ந்துபோனதும் ஒன்று உண்டு: 90°. அதன் ஐந்து மடங்கு 450°, அதுவும் 90°-க்குச் சமானம். நாம் தேடியது 18° மட்டுமே என்பதால் இரண்டையும் விட்டுவிடலாம்.

4. cos 18° (என் இரண்டாம் நாள் போன இடம்)

```
cos² 18° = 1 − (√5 − 1)²/16
         = 1 − (6 − 2√5)/16
         = (10 + 2√5)/16
cos 18° = √(10 + 2√5)/4
```

மூன்று வரி. ஆனால் கழித்தல் குறி அடைப்புக்குள் இருக்கும் −2√5-ஐத் தொடும்போது அது +2√5 ஆகிறது. நான் அதை மாற்ற மறந்து √(10 − 2√5)/4 என்று எழுதிவிட்டேன். இந்த எண் வேறு எங்கோ பார்த்ததாகத் தெரிந்ததால் சந்தேகமும் வரவில்லை. பார்த்ததுதான், அது sin 36°. ஒரே குடும்பத்து எண்கள் என்பதால் முகச்சாயல் ஏமாற்றும்.

கண்டுபிடிக்க வழி: cos 18° ஒன்றுக்கு அருகில் இருக்க வேண்டும். √(10 + 2√5)/4 என்பது 0.9511. மற்றது 0.5878. cos 30°-ஏ 0.866 எனும்போது cos 18° அதைவிடக் குறைவாக இருக்க முடியாது. இந்த ஒரு பார்வை எனக்கு ஒரு மாலையை மிச்சப்படுத்தியிருக்கும்.

இன்னொரு இழுப்பு, √(10 + 2√5)-ஐ √6, √2 போல அழகாகப் பிரித்துவிட வேண்டும் என்ற ஆசை. மேலே சொன்ன சோதனையைப் போடுங்கள். 2√5 என்பது √20; 100 − 20 = 80; முழு வர்க்கம் அல்ல. பிரியாது. அப்படியே விட்டுவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். உள்ளிருந்து √2-ஐ வெளியே எடுத்து √2·√(5 + √5) என்று எழுதலாம். அவ்வளவுதான் செய்ய முடியும்.

5. சேர்த்தல்

```
sin 3° = sin 18° cos 15° − cos 18° sin 15°

       = [(√5 − 1)(√6 + √2) − (√6 − √2)√(10 + 2√5)] / 16
```

இதுதான் விடை. பகுதியில் 16 வருவது 4 × 4. தொகுதியை விரிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இந்தப் படியில் ஒரு பொறி மற்றவற்றைவிட மோசமானது. சூத்திரம் நினைவில் இல்லாமல் sin(18° − 15°) என்பதை sin 18° − sin 15° என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. வேறு கோணங்களில் இந்தத் தவறு உடனே பல்லைக் காட்டிவிடும். sin(90° − 60°)-இல் செய்தால் 0.5-க்குப் பதில் 0.134 வரும். இங்கே அப்படி இல்லை. 0.3090 − 0.2588 = 0.0502. உண்மையான விடை 0.0523. நான்கு விழுக்காடுதான் வித்தியாசம். சிறிய கோணங்களில் சைன் கிட்டத்தட்ட கோணத்தின் அளவிலேயே வளர்வதால் தவறும் சரிபோல நடிக்கிறது. "ஏறத்தாழ வந்துவிட்டதே, தசமத்தில் ஏதோ பிசகு" என்று சமாதானம் சொல்லிக்கொண்டால் தொலைந்தது.

நடுவில் உள்ள கழித்தலைக் கூட்டலாக எழுதிவிட்டால் 0.5446 வரும். அது sin 33°; 18-உம் 15-உம் கூடிவிட்டன என்று அதுவே சொல்லிவிடும். அந்தத் தவறால் ஆபத்தில்லை.

6. சரிபார்ப்பு: இதைத் தவிர்க்காதீர்கள்

கால்குலேட்டரைத் தொடுவதற்கு முன் தாளிலேயே ஓர் எதிர்பார்ப்பை எழுதிக்கொள்ளுங்கள். 3° என்பது ரேடியனில் π/60, அதாவது 0.05236. சிறிய கோணத்துக்கு சைன் இந்த எண்ணைவிடக் கொஞ்சமே குறைவு. எவ்வளவு குறைவு என்றால் கோணத்தின் முப்படியை ஆறால் வகுத்த அளவு, 0.000024. ஆக விடை 0.052336 என்று வர வேண்டும்.

இப்போது நம் விடையில் எண்களைப் போடுங்கள்.

```
(√5 − 1)(√6 + √2)      = 1.236068 × 3.863703 = 4.775800
(√6 − √2)√(10 + 2√5)   = 1.035276 × 3.804226 = 3.938424
வித்தியாசம்              = 0.837376
16-ஆல் வகுத்தால்         = 0.052336
```

பொருந்துகிறது.

ஆறு தசம இடங்கள் எதற்கு என்று கேட்கலாம். அருகருகே இருக்கும் இரு எண்களைக் கழிக்கிறோம்; முன்னால் இருக்கும் இலக்கங்கள் அடிபட்டுப் போகும், பின்னால் இருப்பவைதான் மிஞ்சும். மூலங்களை 2.24, 2.45, 1.41 என்று இரண்டு இடத்தோடு நிறுத்திப் பாருங்கள்: 4.7864 − 3.9624, பதினாறால் வகுத்தால் 0.0515. சூத்திரம் சரியாக இருந்தும் மூன்றாம் தசமத்திலேயே விடை நழுவிவிடுகிறது. ஐந்து இடங்களுக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

என் இரண்டாம் நாள் கதைக்கு வருகிறேன். √(10 − 2√5) என்ற தவறான மூலத்தைப் போட்டதால் எனக்கு வந்த விடை 0.146. கால்குலேட்டரில் sin 3 என்று தட்டினேன். 0.141 என்றது. அருகில்தானே இருக்கிறது, மூலங்களைச் சுருக்கியதால் வந்த பிழை என்று எண்ணி நோட்டை மூடினேன். கால்குலேட்டர் ரேடியனில் இருந்தது. அது சொன்னது 3 ரேடியனின் சைன், அதாவது ஏறத்தாழ 172°-இன் சைன். ஒரு தவறு இன்னொரு தவறுக்குச் சாட்சி சொல்லிவிட்டது. சரிபார்க்கும் கருவியையே முதலில் சரிபார்க்க வேண்டும்: sin 30 என்று தட்டி 0.5 வருகிறதா என்று பாருங்கள். இரண்டு விநாடி.

7. உங்கள் விடை நூலில் உள்ள விடைபோல இல்லையா? கிழிக்காதீர்கள்

இந்த எண்ணுக்குப் பல முகங்கள் உண்டு. கீழே உள்ள மூன்றும் ஒரே மதிப்பு.

```
[(√5 − 1)(√6 + √2) − (√6 − √2)√(10 + 2√5)] / 16

[√30 + √10 − √6 − √2 − 2(√3 − 1)√(5 + √5)] / 16

√(8 − √3 − √15 − √(10 − 2√5)) / 4
```

முதலாவதை விரித்தால் இரண்டாவது. மூன்றாவது வேறு பாதையில் வந்தது: 36-இலிருந்து 30-ஐக் கழித்து cos 6°-ஐக் கண்டு, அரைக் கோணச் சூத்திரத்தால் பாதியாக்கினால் இது கிடைக்கும். முதல் நாள் நான் போன பாதை இதுதான். அவள் நோட்டில் இருந்த விடையோ இரண்டாவது வடிவம். என் விடையில் மூலத்துக்குள் மூலத்துக்குள் மூலம். இது எங்கே, அது எங்கே என்று நினைத்துக் கிழித்துவிட்டேன். எண்ணைப் போட்டுப் பார்த்திருந்தால் இரண்டும் 0.052336 என்று தெரிந்திருக்கும்.

மூன்றாவது வடிவம் பார்க்கச் சிறியதாக இருக்கிறதே, அதையே எடுத்துக்கொள்ளலாமே என்றால், எழுதுவதற்கு எடுத்துக்கொள்ளலாம். கையால் கணக்கிட வேண்டாம். உள்ளே நடக்கும் கழித்தல் 8 − 7.956. இரண்டு தசம இடத்தோடு நிறுத்தினால் 8 − 7.95 = 0.05, அதன் மூலம் 0.2236, நான்கால் வகுத்தால் 0.0559. ஏறத்தாழ ஏழு விழுக்காடு பிழை. அதே சிக்கனத்தில் முதல் வடிவம் தந்த பிழை இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு.

இதற்கும் மலிவான வடிவம் இருக்கிறதா என்று நானும் தேடினேன். இல்லை. sin 3°-ஐத் தீர்வாகக் கொண்ட, முழு எண் கெழுக்கள் உள்ள சமன்பாடுகளில் மிகச் சிறியதன் படி 16. ஒவ்வொரு வர்க்கமூலமும் படியை அதிகபட்சம் இரட்டிப்பாக்கும். 16 என்பது 2 × 2 × 2 × 2. ஆகவே ஒன்றையொன்று சாராத நான்கு வர்க்கமூலங்களாவது வேண்டும். நம் விடையில் √2, √3, √5, √(5 + √5) என்று சரியாக நான்கு இருக்கின்றன. √6, √10, √30 எல்லாம் அவற்றின் பெருக்கல்கள்தாம். மூன்றாவது வடிவத்திலும் எண்ணினால் நான்குதான்.

8. இங்கிருந்து 1°-க்குப் போகலாமா?

3° கிடைத்துவிட்டால் 6°, 9°, 12° என்று மூன்றின் மடங்குகள் எல்லாம் கிடைத்துவிடும், பாதியாக்கினால் 1.5°-உம் கிடைக்கும். 1° கிடைக்காது. 3°-ஐ மூன்றாகப் பிரிக்க sin 3θ = 3 sin θ − 4 sin³θ என்ற சூத்திரத்தைத்தான் பிடிக்க வேண்டும்; அது முப்படிச் சமன்பாடு:

```
4s³ − 3s + sin 3° = 0
```

இதன் மூன்று தீர்வுகளும் மெய்யெண்கள்: sin 1°, sin 59°, sin(−61°). ஆனால் முப்படிச் சூத்திரத்தில் போட்டால் கலப்பெண்களின் கனமூலங்கள் வந்து நிற்கும். அவற்றை அகற்றி வெறும் மெய்யெண் மூலங்களால் எழுத முடியாது. முழு எண் பாகைகளில் வர்க்கமூலத்தால் எழுதக்கூடிய மிகச் சிறியது 3° தான். "துல்லிய மதிப்பு" என்று 1°-ஐக் கேட்டால் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

தசம மதிப்பு போதும் என்றால் அதே சமன்பாடு உங்களுக்கு வேலை செய்யும். அதை s = (sin 3° + 4s³)/3 என்று திருப்பி எழுதி, வலப்புற s-க்கு முதல் ஊகமாக sin 3°-இன் மூன்றில் ஒரு பங்கான 0.017445-ஐப் போடுங்கள். முப்படி 0.00000531, நான்கு மடங்கு 0.00002124. sin 3°-ஐ எட்டு இடத்துக்கு 0.05233596 என்று எடுத்துக் கூட்டினால் 0.05235720, மூன்றால் வகுத்தால் 0.0174524. ஒரே சுற்றில் sin 1° ஏழு தசம இடத்துக்குச் சரியாக வந்துவிடுகிறது.